வினாவில் பிழையா, விடையில் பிழையா?

ஒரு பொது அறிவு வினாவைப் படியுங்கள். "சர் சி. வி. இராமன் பிறந்த ஊர் எது? (அ) தஞ்சாவூர் (ஆ) திருச்சிராப்பள்ளி (இ) திருவானைக்காவல் (ஈ) மதுரை."

திருவானைக்காவல் என்று குறித்தவர் சரியாகவே குறித்திருக்கிறார். 1888ஆம் ஆண்டு இராமன் பிறந்தது அங்கேதான். திருச்சிராப்பள்ளி என்று குறித்தவரும் தவறு செய்யவில்லை. கலைக்களஞ்சியங்கள் பலவும் அப்படித்தான் கூறுகின்றன. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, ஸ்ரீரங்கம் தீவில் இருக்கும் திருவானைக்காவல் இன்று திருச்சிராப்பள்ளி மாநகராட்சிக்குள் அடங்கிய பகுதி. ஆகவே (இ) சரியென்றால் (ஆ)வும் சரியாகிவிடுகிறது. ஒன்றுக்குள் மற்றொன்று அடங்கும் இரண்டு விடைகளை ஒரே வரிசையில் வைத்ததுதான் பிழை. இது மாணவரின் பிழையன்று. வினா எழுதியவரின் பிழை. (ஆ)வை எடுத்துவிட்டுச் சேலம் என்று போட்டால் வினா ஒரு நொடியில் சீராகிவிடும்.

இவ்வளவு எளிதாகக் கண்ணில் படும் பிழைகள் குறைவு. கற்றவர்கள் பலர் கூடி எழுதி, பலர் சரிபார்த்து, இலட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வில் வந்த ஒரு பிழையை எடுத்துக்கொண்டு, அது எப்படி உண்டாயிற்று என்று நிதானமாகப் பார்ப்போம். 2024ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் நடந்த நீட் தேர்வின் இயற்பியல் பகுதியில் வந்த வினா அது. உச்ச நீதிமன்றம் வரை சென்று தீர்ந்த வினா என்பதால் உங்களில் பலர் அதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

வினாவில் இரண்டு கூற்றுகள் இருந்தன. முதல் கூற்றின் கருத்து இது: அணுவில் நேர் மின்னூட்டங்களும் எதிர் மின்னூட்டங்களும் சம எண்ணிக்கையில் உள்ளதால் அணு மின்சார நடுநிலை உடையது. இரண்டாவதன் கருத்து: ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை, அவை தமக்கே உரிய நிறமாலையை உமிழ்கின்றன. இரண்டும் சரியா, இரண்டும் தவறா, ஒன்று மட்டும் சரியா என்று மாணவர் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதல் கூற்றில் சிக்கல் இல்லை. இரண்டாவது கூற்றை மட்டும் கவனியுங்கள். அதில் "நிலையானவை" என்றொரு சொல் உள்ளது. நிலையானது என்றால் என்ன? இயற்பியல் படித்தவரிடம் கேட்டால், "எதற்கு எதிராக நிலையானது?" என்று திருப்பிக் கேட்பார். அப்படிக் கேட்பதுதான் முறை. அணுவைப் பொறுத்தவரை அந்தச் சொல்லுக்கு மூன்று பொருள்கள் உண்டு. மூன்றும் மேல்நிலை வகுப்புப் பாடத்துக்குள்ளேயே இருப்பவை.

முதற்பொருள், ரூதர்ஃபோர்டின் அணு மாதிரியிலிருந்து வருவது. 1911இல் அவர் தந்த மாதிரியில் எலக்ட்ரான்கள் கருவைச் சுற்றி வருகின்றன. வட்டப் பாதையில் செல்லும் எலக்ட்ரான் முடுக்கம் அடைகிறது. முடுக்கம் பெற்ற மின்னூட்டம் மரபு மின்காந்தக் கொள்கைப்படி கதிர்வீச்சை உமிழ்ந்து ஆற்றலை இழக்க வேண்டும். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 10⁻¹¹ வினாடியில் எலக்ட்ரான் சுருண்டு சுருண்டு கருவில் போய் விழுந்துவிட வேண்டும். ஆனால் உலகில் எந்த அணுவும் அப்படி நொறுங்குவதில்லை. இந்தப் பொருளில் எல்லாத் தனிமங்களின் அணுக்களும் நிலையானவைதாம். யுரேனியத்தின் அணுவும் இந்த விதத்தில் நிலையானதே. 1913இல் போர் தம் கொள்கையைக் கொண்டுவந்தது இந்தப் புதிரைத் தீர்க்கத்தான். அணுவைப் பற்றிய பாடத்தில் "நிலையான" என்ற சொல் வரும்போது பெரும்பாலும் இந்தப் பொருளில்தான் வரும்.

இரண்டாம் பொருள் கதிரியக்கம் பற்றியது. இங்கே நிலைத்தன்மை என்பது எலக்ட்ரான்களைப் பற்றியதன்று, அணுக்கருவைப் பற்றியது. தானாகச் சிதையாத கருவையுடைய அணுவே நிலையான அணு. இந்தப் பொருளில் கூற்று தவறு. 43ஆம் தனிமமாகிய டெக்னீசியத்துக்கும் 61ஆம் தனிமமாகிய புரோமீத்தியத்துக்கும் நிலையான ஐசோடோப்பு ஒன்றுகூடக் கிடையாது. 83ஆம் தனிமமாகிய பிஸ்மத்திலிருந்து மேலே உள்ள எதற்கும் கிடையாது. பிஸ்மத்தின் கதை சுவையானது. பிஸ்மத்-209 நிலையானது என்றே நெடுங்காலம் பாடநூல்கள் எழுதிவந்தன. 2003இல்தான் பிரெஞ்சு இயற்பியலாளர்கள் அது ஆல்ஃபா துகளை உமிழ்ந்து சிதைவதை அளந்து காட்டினார்கள். அதன் அரை ஆயுள் சுமார் 2 × 10¹⁹ ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயதைப் போல நூறு கோடி மடங்குக்கும் மேல். ஆக, 118 தனிமங்களில் ஒரு நிலையான ஐசோடோப்பாவது உடையவை 80தான். இன்னும் கறாராகப் பார்த்தால் கார்பனுக்கும் சிக்கல் உண்டு. கார்பன் நிலையான தனிமமா என்றால் ஆம்; கார்பன்-14 அணு நிலையானதா என்றால் இல்லை.

மூன்றாம் பொருள், நிறமாலையோடு ஒட்டியது. அணு ஒளியை உமிழ வேண்டுமானால் அது முதலில் கிளர்வு நிலைக்குச் செல்ல வேண்டும். கிளர்வு நிலையில் அது பெரும்பாலும் 10⁻⁸ வினாடி அளவுதான் இருக்கும். பிறகு கீழிறங்கி ஒளியை உமிழும். அதாவது உமிழும் அணு நிலையான நிலையில் இல்லை; நிலையான அடிநிலையில் இருக்கும் அணு உமிழ்வதில்லை. இப்படி எண்ணும் மாணவருக்கு "நிலையானவை, உமிழ்கின்றன" என்ற தொடரே ஒன்றோடொன்று முரண்படுவதாகத் தோன்றும்.

ஒரு சொல்லுக்கு மூன்று பொருள். ஒன்றில் கூற்று சரி. மற்ற இரண்டில் தவறு. எந்தப் பொருளைக் கொள்ள வேண்டும் என்பதற்கு வினாவுக்குள் எந்தத் துப்பும் இல்லை. இதைத்தான் ஈரடியான வினா என்கிறோம். பாடம் நன்றாகத் தெரிந்தவருக்குத்தான் மூன்று பொருளும் நினைவுக்கு வரும், அவர்தான் தடுமாறுவார் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். ஒரே பொருளை மட்டும் மனப்பாடம் செய்தவர் தயக்கமின்றிக் குறித்துவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவார்.

இந்த வினாவில் நடந்தது இன்னும் விசித்திரமானது. என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலின் பழைய பதிப்பில் "ஒவ்வொரு தனிமத்தின்" என்ற பொருளில் அவ்வாக்கியம் இருந்தது. புதிய பதிப்பில் அதை "பெரும்பாலான தனிமங்களின்" என்று திருத்தியிருந்தார்கள். இரண்டாம் பொருளான கதிரியக்கத்தை மனத்தில் கொண்டால்தான் அந்தத் திருத்தத்துக்கு அர்த்தம் உண்டு. அண்ணனின் பழைய புத்தகத்தைப் படித்த தம்பி "இரண்டு கூற்றும் சரி" என்றான். புதிய புத்தகம் வாங்கியவன் "முதற்கூற்று மட்டுமே சரி" என்றான். தேர்வு நடத்திய தேசியத் தேர்வு முகமை முதலில் இரண்டு விடைகளுக்கும் மதிப்பெண் கொடுத்தது. 720க்கு 720 பெற்றவர்களாக அறிவிக்கப்பட்ட 67 பேரில் 44 பேர் இந்த ஒரு வினாவின் சலுகையால் அந்த இடத்தை அடைந்தவர்கள்.

வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, நீதிமன்றம் 2024 ஜூலை 22 அன்று டில்லி ஐ.ஐ.டி.யிடம் மூன்று வல்லுநர் அடங்கிய குழு அமைத்து விடை சொல்லும்படி கேட்டது. மறுநாளே பதில் வந்தது: நான்காவது விடை, அதாவது முதற்கூற்று சரி, இரண்டாவது தவறு என்பது மட்டுமே ஏற்கத்தக்கது. நீட் தேர்வில் சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 கழியும். எனவே மற்ற விடையைக் குறித்த 4 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தலைக்கு 5 மதிப்பெண் இழந்தார்கள். திருத்திய பட்டியலில் முழு மதிப்பெண் பெற்றவர்கள் 17 பேராகக் குறைந்தார்கள்.

வல்லுநர் குழுவின் முடிவு இயற்பியலில் தவறென்று நான் சொல்லமாட்டேன். "ஒவ்வொரு" என்ற சொல்லை நேராக எடுத்துக்கொண்டால் கதிரியக்கத் தனிமம் ஒன்றைக் காட்டி அக்கூற்றை வீழ்த்திவிடலாம். ஆனால் நல்ல விடை எது என்பது ஒரு கேள்வி; நல்ல வினா எது என்பது வேறு கேள்வி. வினாவைத் திருத்தியிருக்க வேண்டிய இடத்தில் விடையைத் திருத்த வேண்டியதாயிற்று. தேர்வுக்கு முன்னால் யாராவது ஒருவர் "எதற்கு எதிராக நிலையானது?" என்று கேட்டிருந்தால் போதும். "மரபு மின்காந்தக் கொள்கையின்படி, ரூதர்ஃபோர்டு மாதிரியில் எலக்ட்ரான் கருவைச் சுற்றும் அணு நிலைத்திருக்க முடியாது" என்று எழுதியிருந்தால் அது ஐயமின்றிச் சரி. "எல்லாத் தனிமங்களுக்கும் கதிரியக்கமற்ற ஐசோடோப்பு ஒன்றேனும் உண்டு" என்று எழுதியிருந்தால் அது ஐயமின்றித் தவறு. எந்த அறிவைச் சோதிக்க எண்ணுகிறோமோ அதை வாக்கியத்துக்குள்ளேயே வைத்துவிட வேண்டும்.

இந்த வழக்குக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1983இல், கான்பூர் பல்கலைக்கழகத்துக்கும் சமீர் குப்தா என்ற மாணவருக்கும் இடையே நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதுபற்றிப் பேசியிருக்கிறது. விடையைக் குறிப்பது மட்டுமே மாணவரின் வேலையாக இருக்கும் தேர்வில் அவர் தம் காரணத்தைச் சொல்ல இடமில்லை. ஆகவே இருபொருள் தரும் வினாக்கள் அத்தகைய தாளில் வரக்கூடாது என்பது அத்தீர்ப்பின் சாரம். விரிவான விடை எழுதும் தேர்வில் "நான் இப்பொருளில் கொண்டேன்" என்று ஒரு வரி எழுதிவிடலாம். ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தைக் கருப்பாக்கத்தான் முடியும்.

இனி நம்மூர்ப் பக்கம் வருவோம். கல்லூரித் தேர்வுகளிலும் பயிற்சி நூல்களிலும் அடிக்கடி காணும் ஒரு வகை வினாவை காவிரிக்கரையில் வைத்துச் சொல்கிறேன். "அம்மாமண்டபத்தருகே காவிரியின் அகலம் 500 மீட்டர் என்க. நீர் மணிக்கு 3 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. நிலைநீரில் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் செல்லக்கூடிய படகு ஆற்றைக் கடக்க ஆகும் நேரம் என்ன? (அ) 3.75 நிமிடம் (ஆ) 6 நிமிடம் (இ) 7.5 நிமிடம் (ஈ) 15 நிமிடம்."

ஓடக்காரர் படகின் முகத்தை எதிர்க்கரைக்கு நேராக வைத்துத் துடுப்புப் போட்டால் குறுக்கு வேகம் மணிக்கு 5 கி.மீ. அரை கிலோமீட்டரைக் கடக்க 6 நிமிடம். அதற்குள் நீர் படகை 300 மீட்டர் கிழக்கே இழுத்துக்கொண்டு போயிருக்கும். ஆனாலும் ஆற்றைக் கடந்தாயிற்று. புறப்பட்ட இடத்துக்கு நேர் எதிரே உள்ள படித்துறையிலேயே இறங்க வேண்டுமென்றால் படகின் முகத்தைச் சற்று மேற்கே திருப்பி வைக்க வேண்டும். அப்போது குறுக்கு வேகம் 5, 3, 4 என்ற செங்கோண முக்கோணத்தின்படி 4 கி.மீ. ஆகிறது, நேரம் 7.5 நிமிடம். ஆக (ஆ)வும் சரி, (இ)யும் சரி. வேகங்களைக் கூட்டி 8 என்று போட்டவர் (அ)வில் விழுவார். கழித்து 2 என்று போட்டவர் (ஈ)யில் விழுவார். தவறான விடைகள் இரண்டும் அருமையாக அமைந்தவை, ஏனெனில் உண்மையாகவே மாணவர் செய்யும் தவற்றிலிருந்து பிறந்தவை. கெட்டது வினாப் பகுதிதான். "மிகக் குறைந்த நேரத்தில் கடக்க" என்றோ, "நேர் எதிரே உள்ள துறையை அடைய" என்றோ சேர்த்தால் வினா நலமாகிவிடும். அப்போதும் மற்ற மூன்று விடைகளும் தம் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

இதுவரை சொன்னவை எந்த மொழியிலும் நேரக்கூடியவை. தமிழில் எழுதும்போது மட்டும் வரும் சிக்கல்களும் உண்டு. "பொருளின் வேகம் இரு மடங்கு அதிகரித்தால் அதன் இயக்க ஆற்றல் எத்தனை மடங்காகும்?" வேகம் இரண்டு மடங்காயிற்று என்று கொண்டால் விடை 4. இருந்த வேகத்தோடு இரண்டு மடங்கு கூடிற்று, அதாவது மூன்று மடங்காயிற்று என்று கொண்டால் விடை 9. விடைகளில் 4, 9 இரண்டும் இருந்தால் மாணவர் பாடு திண்டாட்டம். "இரு மடங்காக அதிகரித்தால்" என்று "ஆக" சேர்த்து எழுதுங்கள்; ஐயம் போய்விடும். இரண்டே எழுத்தில் ஒரு வினா பிழைக்கிறது.

இனி இரட்டை எதிர்மறை. "பின்வருவனவற்றுள் வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருள் அல்லாதது எது? (அ) தக்கை (ஆ) மரம் (இ) செம்பு (ஈ) கண்ணாடி." விடை செம்பு. இதைக் கேட்க ஏன் இவ்வளவு சுற்று? "வெப்பத்தை எளிதில் கடத்துவது எது?" என்றால் போதாதா? வினாவைக் கடினமாக்க வேண்டும் என்ற ஆசையில்தான் பலர் இப்படி எழுதுகிறார்கள். கடினமானது உண்மைதான், ஆனால் கடினமானது வாக்கியமே தவிர இயற்பியல் அன்று.

வெளிப்படையான இரட்டை எதிர்மறையை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒளிந்திருப்பதுதான் ஆபத்தானது. வினாவில் ஓர் எதிர்மறை, விடையில் ஓர் எதிர்மறை என்று பிரிந்து கிடக்கும். "கீழ்க்காண்பவற்றுள் தவறான கூற்று எது?" என்று கேட்டுவிட்டு, விடைகளில் ஒன்றாக "வெற்றிடத்தில் ஒலி பரவாது" என்று போடுவார்கள். மாணவர் மனத்துக்குள் என்ன நடக்கிறது பாருங்கள். ஒலி பரவாது, அது உண்மை, உண்மையானால் தவறன்று, தவறன்று என்றால் நான் தேடும் விடை இதுவன்று. மூன்று முறை திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. நான்கு விடைகளில் இரண்டில் "ஆது" இருந்தால் நேரம் முழுவதும் இதற்கே போய்விடும். தவறான கூற்றைக் கேட்டே ஆக வேண்டுமென்றால் நான்கு விடைகளையும் உடன்பாட்டு வாக்கியங்களாக எழுதுங்கள்: "ஒலி பரவ ஊடகம் தேவை" என்பது போல.

ஆங்கிலத்தில் இந்தச் சிக்கலைக் குறைக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். எதிர்மறைச் சொல்லைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுவிடுவார்கள். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று இல்லை. அதோடு நம் எதிர்மறை பல நேரங்களில் தனிச்சொல்லாகவும் நிற்பதில்லை. "கடத்தும்" என்பதற்கும் "கடத்தாத" என்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு விகுதிதான். சொல்லின் வயிற்றுக்குள் அது ஒளிந்திருக்கிறது. தனிச்சொல்லாக "அல்ல" என்று வந்தாலும் வாக்கியத்தின் கடைசியில் வரும். மாணவர் முழு வாக்கியத்தையும் உடன்பாடாகப் படித்துப் பொருள் கொண்டுவிட்ட பிறகு, முடிவில் ஒரு சொல் வந்து அனைத்தையும் கவிழ்க்கிறது. மின்விளக்கு அணையப்போகும் நேரத்தில் கடைசிச் சொல்லைத் தவறவிட்டால் பாடம் தெரிந்தும் தோல்விதான்.

பேச்சுத் தமிழும் ஒரு வகையில் எதிரே நிற்கிறது. "அவருக்குத் தெரியாமல் இல்லை" என்கிறோம். கணிதத்தின்படி அது "தெரியும்" என்பதற்குச் சமம். ஆனால் நம் காதுக்கு அது அப்படிக் கேட்கிறதா? "ஓரளவு தெரியும், சொல்ல மனமில்லை" என்று கேட்கிறது. "மேல் வளிமண்டலக் காற்று செயற்கைக்கோளின் வேகத்தைப் பாதிக்காமல் இல்லை" என்ற கூற்றைச் சரியா தவறா என்று கேட்டால், "சிறிதளவு பாதிக்கிறது" என்று சிலரும் "பாதிக்கிறது" என்று சிலரும் படிப்பார்கள். இரண்டு எதிர்மறை சேர்ந்தால் ஓர் உடன்பாடு என்பது தருக்கத்தில் உண்மை. மொழியில் எப்போதும் அப்படி இல்லை.

எதிர்மறையை முற்றிலும் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. செய்யக் கூடாததைத் தெரிந்திருப்பதே அறிவாக இருக்கும் இடங்கள் உண்டு. மின்கசிவால் எரியும் தீயை அணைக்க எதைப் பயன்படுத்தக் கூடாது என்று கேட்பது நியாயமான வினா. அங்கே ஓர் எதிர்மறை போதும். "கூடாது" என்பதைத் தடித்த எழுத்தில் அச்சிட்டு அடிக்கோடும் இட்டுவிட வேண்டும்.

மொழிபெயர்ப்பு இன்னொரு வாசல். 2018இல் நடந்த நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்கள் பிழையாக மொழிபெயர்க்கப்பட்டிருந்தன என்று வழக்கு வந்தது. சிவிங்கிப்புலியின் ஆங்கிலப் பெயரை அப்படியே "சீத்தா" என்று எழுதியிருந்தார்கள். தமிழில் படித்த மாணவருக்குப் பழம்தான் நினைவுக்கு வரும். திருச்சிராப்பள்ளி மாவட்டமும் அடங்கும் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, 2018 ஜூலையில், வினாவுக்கு நான்காக 196 மதிப்பெண் தமிழில் எழுதியவர்களுக்குக் கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. இத்தகைய தேர்வுகளில் ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே முடிவானது என்பது விதி. தமிழில் மட்டும் படித்த மாணவருக்கு அந்த விதியால் என்ன பயன் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். மொழிபெயர்த்தவர் தம் வேலையை முடித்ததும், மூல ஆங்கிலத்தைப் பார்க்காத தமிழாசிரியர் ஒருவரும் பாட ஆசிரியர் ஒருவரும் தமிழ் வடிவத்தை மட்டும் வைத்து விடை எழுதிப் பார்க்க வேண்டும். அதைச் செய்திருந்தால் "சீத்தா" அச்சேறியிருக்காது.

தேர்வு முடிந்த பிறகும் பழுதான வினாவைக் கண்டுபிடிக்க முடியும். அதற்கு விடைத்தாள்களே சாட்சி. மேலே சொன்ன படகு வினாவை 60 மாணவர் எழுதியதாகக் கொள்வோம். மொத்த மதிப்பெண் வரிசையில் முதல் 20 பேரையும் கடைசி 20 பேரையும் தனித்தனியே எடுங்கள். (பெரிய தேர்வுகளில் மேலே 27 சதவீதம், கீழே 27 சதவீதம் என்று எடுப்பது வழக்கம்.) ஒவ்வொரு விடையையும் எத்தனை பேர் குறித்தார்கள் என்று எண்ணுங்கள். மேல் குழுவில் 6 நிமிடம் என்றவர்கள் 9 பேர், 7.5 என்றவர்கள் 10 பேர், 15 என்றவர் ஒருவர் என்று வருவதாகக் கொள்வோம். கீழ்க் குழுவில் நான்கு விடைக்கும் ஐந்தைந்து பேர்.

விடைக்குறிப்பில் 6 நிமிடம் என்று இருந்தால், வழக்கமான கணக்கு என்ன சொல்கிறது? மேல் குழுவில் 9, கீழ்க் குழுவில் 5, வித்தியாசம் 4, அதை 20ஆல் வகுத்தால் 0.2. வினாவின் வேறுபடுத்தும் திறன் 0.2 என்றால் சுமாரான வினா என்று பலரும் விட்டுவிடுவார்கள். இங்கேதான் ஏமாறுகிறோம். அந்த ஒற்றை எண்ணைப் பார்க்காமல் விடைவாரியாகப் பார்த்தால் மேல் குழு நடுவே பிளந்திருப்பது பளிச்சென்று தெரிகிறது. நன்றாகப் படித்தவர்கள் ஏறக்குறையச் சரிபாதியாக இரண்டு விடைகளுக்குப் பிரிந்து, மற்ற இரண்டைத் தொடாமலே விட்டிருந்தால், அந்த வினாவுக்குப் பெரும்பாலும் இரண்டு சரியான விடைகள் உண்டு என்றே முதலில் ஐயப்பட வேண்டும். மேல் குழு முழுவதுமாக ஒரே "தவறான" விடைக்குச் சென்றிருந்தால் விடைக்குறிப்பே தவறாக இருக்கலாம். இரட்டை எதிர்மறை வினாவின் அடையாளம் வேறு மாதிரி. மேல் குழுவில் 12 பேர் சரி, கீழ்க் குழுவில் 11 பேர் சரி என்பது போல வரும். அதே பாடத்தில் மற்ற வினாக்களை அனாயாசமாகப் போட்டவர்கள் இதில் மட்டும் சறுக்கியிருப்பார்கள். இந்த எண்கள் வழிகாட்டுமே ஒழியத் தீர்ப்புச் சொல்லா. கடினமான நல்ல வினாவும் சில நேரம் மேல் குழுவைப் பிளக்கும். ஐயம் வந்த வினாவை எடுத்து, ஒவ்வொரு விடைக்கும் ஆதரவாக ஒரு வாதம் சொல்ல முடிகிறதா என்று மனிதர்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

மாணவர்கள் தரப்பில் ஒரு செய்தி. விடைக்குறிப்பை வெளியிட்டு ஆட்சேபம் கேட்கும் முறை இப்போது பெரிய தேர்வுகளில் உண்டு. 2024 நீட் தேர்வில் ஒரு வினாவுக்கு 200 ரூபாய் கட்டணம் வைத்திருந்தார்கள். ஆட்சேபம் எழுதும்போது "வினா குழப்பமாக உள்ளது" என்று எழுதினால் யாரும் கவனிக்கமாட்டார்கள். எந்தச் சொல்லுக்கு எந்த இரண்டு பொருள், ஒவ்வொன்றின்படியும் எந்த விடை, பாடநூலில் எந்தப் பக்கம் என்று மூன்று வரியில் எழுத வேண்டும். "ஆற்றைக் கடக்க என்பதற்குக் குறைந்த நேரம் என்றால் 6 நிமிடம், நேர் எதிர்த்துறை என்றால் 7.5 நிமிடம்" என்று எழுதிவிட்டால் மறுத்துச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

பழுது உறுதியான பின் ஆசிரியர் செய்யக்கூடியவை மூன்று. இரண்டு விடைக்கும் மதிப்பெண் தரலாம்; வினாவையே கணக்கிலிருந்து நீக்கலாம்; எல்லோருக்கும் மதிப்பெண் தரலாம். தவறுக்கு மதிப்பெண் கழியாத வகுப்புத் தேர்வில் முதல் வழியே நியாயமானது. கழியும் தேர்வில் அது போதாது. இரண்டு விடையும் சரியாக இருக்கிறதே என்று கண்டுகொண்டு, பயந்து, வட்டத்தைக் கருப்பாக்காமல் விட்ட மாணவர் ஒருவர் இருப்பார். இரண்டு விடைக்கும் மதிப்பெண் கொடுத்தால் அவருக்கு மட்டும் ஒன்றும் கிடைக்காது. அப்படிப்பட்ட தேர்வில் வினாவை நீக்கி, மொத்த மதிப்பெண்ணை 720 என்பதற்குப் பதிலாக 716 என்று வைத்துக் கணக்கிடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. நேரம் செலவழித்துச் சரியாகப் போட்டவருக்கு அதில் சிறு இழப்பு உண்டு. ஆனால் அந்த இழப்பு எல்லோருக்கும் ஒரே அளவானது.